பிற்பகல் 2.35-க்குப் பிறகு நேராக ஓடிய கோடு

குளிர்அறையின் வெப்பநிலைக் கோடு நேராக இருக்கவே இருக்காது. கம்ப்ரசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கதவைத் திறந்து பெட்டி எடுப்பார்கள். சட்டென்று சூடேறாத கிளைக்கால் திரவப் புட்டிக்குள் போட்டு வைத்த சென்சார்கூட 4.4-க்கும் 4.9-க்கும் நடுவில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கோடு திடீரென்று 4.6-இல் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இரண்டரை மணி நேரம் ஓடினால், அறை அவ்வளவு ஒழுங்காகிவிட்டது என்று அர்த்தமில்லை. அளவு எதுவும் வரவில்லை, வந்த கடைசி எண்ணை டேஷ்போர்டு நீட்டிக்கொண்டே போயிருக்கிறது. திரையில் எந்த மூலையிலும் அது எழுதியிருக்காது என்பதுதான் என்னை உறுத்துகிறது. நீட்டலாமா, காலியாக விடலாமா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்களைப் பார்க்கலாம். எதைச் செய்தோம் என்று திரையிலேயே எழுதி வைக்கிறவர்கள் குறைவு.

கோலாலம்பூரில் இது அடிக்கடி நடக்கக்கூடிய விஷயம் என்பதால் ஓர் உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. நடக்கும் விதம் குளிர்அறை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்தது. செகாம்புட் பக்கம் ஒரு மருந்துக் கிடங்கு. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய சரக்கு. சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்புகிறது, ஆக ஒரு நாளைக்கு 288 அளவுகள். மதியத்துக்கு மேல் வழக்கமான இடிமழை. மின்னல் அடித்ததும், மின்கசிவு கண்டால் கரண்டை வெட்டும் ஈஎல்சிபி சுவிட்ச் விழுகிறது. அந்த ஈஎல்சிபிக்குக் கீழேதான் கம்ப்ரசரும் இருக்கிறது, சென்சாரின் அளவுகளை வாங்கி அனுப்பும் கேட்வே சொருகிய பிளக்கும் இருக்கிறது. கடைசியாக வந்த அளவு பிற்பகல் 2.35-க்கு, 4.6 டிகிரி. யாரோ டிபி பெட்டியைத் திறந்து சுவிட்சை மேலே தள்ளிய பிறகு அடுத்த அளவு 5.15-க்கு வருகிறது: 9.4.

நடுவில் விட்டுப்போனவை 31 அளவுகள், அதாவது 155 நிமிடம். இந்த 31-ஐ 4.6 என்று நிரப்பினால் டேஷ்போர்டு சொல்வது, "அறை அப்படியே இருந்தது" என்று. ஆனால் அளவு நின்றுபோன காரணமும் அறை சூடேறிய காரணமும் ஒன்றே. கரண்ட் போனதால்தான் இரண்டும். முந்தைய அளவை நீட்டுவது, "விட்டுப்போன நேரத்தில் ஒன்றும் மாறியிருக்காது" என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இங்கே விட்டுப்போனதே மாறியதால்தான். வைஃபை சற்று தடுமாறி இரண்டு அளவு தவறுவதும் இதுவும் திரையில் ஒரே மாதிரி தெரிந்தாலும், இரண்டும் வேறு வேறு.

மருந்துப் பரிசோதனை செய்கிறவர்கள் இதே பள்ளத்தில் பல காலம் விழுந்து எழுந்திருக்கிறார்கள். நடுவில் விலகிய நோயாளிக்கு அவருடைய கடைசி அளவையே முடிவு வரை நீட்டுவது அங்கே வெகுநாள் வழக்கம். பக்கவிளைவு தாங்காமல்தான் ஒருவர் விலகினார் என்றால், விலகுமுன் எடுத்த எண் அவர் கதையைச் சொல்லாது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2010-இல் வெளியிட்ட அறிக்கை, தக்க காரணம் காட்ட முடியாவிட்டால் இதை முதன்மை முறையாக வைத்து நிரப்ப வேண்டாம் என்றே சொன்னது. நம் குளிர்அறைக்கும் அதே கேள்விதான்: அளவு ஏன் விட்டுப்போனது?

5.15-க்கு எழும் செங்குத்துச் சுவர்

நீட்டிய கோட்டைக் கண்டுபிடிக்கச் சிறந்த இடம் அது முடியும் இடம். 5.10-க்கு 4.6, 5.15-க்கு 9.4. ஐந்து நிமிடத்தில் 4.8 டிகிரி. சரக்கு நிறைந்த ஓர் அறையில், அதுவும் கிளைக்கால் புட்டிக்குள் இருக்கும் சென்சாரில், இது நடக்க வழியே இல்லை. 160 நிமிடத்தில் 4.8 டிகிரி என்றால் நிமிடத்துக்கு 0.03 டிகிரி, அது நடக்கும். அதாவது அந்தச் செங்குத்துச் சுவர், முந்தைய இரண்டரை மணி நேர ஏற்றம் முழுவதும் ஒரே கட்டத்தில் கொட்டப்பட்ட குவியல். இதைப் பார்த்ததும், "5.15-க்கு என்ன ஆச்சு? யார் கதவைத் திறந்து வைத்தது?" என்று கேட்கத் தோன்றும். அந்த நேரத்தில் கதவருகே நின்றவர் பாவம். கேட்க வேண்டிய கேள்வி, 2.35-க்கு என்ன ஆச்சு என்பது.

8 டிகிரிக்கு மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் சரக்கின் தலையெழுத்தை முடிவு செய்கிற எண். கரண்ட் வந்த பிறகு அறை குளிர்ந்து, 5.40-க்கு 7.9-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5.15 முதல் 5.35 வரை வந்த ஐந்து அளவுகள் 8-க்கு மேல். நீட்டி நிரப்பிய டேஷ்போர்டு 25 நிமிடம் என்று சொல்லும். நிமிடத்துக்கு 0.03 என்று ஏறியிருந்தால் 8-ஐத் தாண்டியது ஏறக்குறைய 4.28-க்கு. அறை வெளிக்காற்றை நோக்கிச் சூடேறும்போது முதலில் சற்று வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஏறும் என்பதால் உண்மையில் அதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே தாண்டியிருக்கும். அப்படியானால் 8-க்கு மேல் இருந்த நேரம் 70 நிமிடத்துக்கும் மேல். 25-க்கும் 70-க்கும் உள்ள தூரம், சில மருந்துகளுக்கு வைத்திருப்பதா அப்புறப்படுத்துவதா என்ற தூரம்.

காலியாக விட்டிருந்தால் தப்பித்திருப்போமா? இங்கேதான் "காலியே நேர்மை" என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. காலியாக விட்ட டேஷ்போர்டும் 25 நிமிடம் என்றுதான் எண்ணிச் சொல்லும், ஏனென்றால் இல்லாத அளவை அது எண்ணாது. அன்றைய சராசரியைப் பாருங்கள். வந்த 257 அளவுகளின் சராசரி 4.8 என்றால், காலி விட்ட டேஷ்போர்டு 4.8 காட்டும். 31 இடத்தில் 4.6 போட்டு நிரப்பியதும் 4.8-தான் காட்டும். அந்த 31 இடத்தில் உண்மையான சராசரி 7 டிகிரி அளவில் இருந்திருக்கும். அதைச் சேர்த்தாலே 5.0 வருகிறது. தினசரி சராசரியை மட்டும் அறிக்கையில் போடுகிற இடத்தில் இந்த விவாதம் முழுவதும் ஒரு தசமத்துக்குள் மறைந்துவிடும். வித்தியாசம் தெரியும் ஒரே எண், வந்த அளவுகளின் எண்ணிக்கை: 288-க்கு 257, அதாவது 89 விழுக்காடு. நீட்டி நிரப்பிய டேஷ்போர்டில் அதுவும் 288-க்கு 288 என்று பளபளவென்று நிற்கும்.

நாம் நிரப்பவே இல்லை என்று நினைக்கும்போது

நிரப்புவது எப்போதும் ஒருவர் உட்கார்ந்து எடுத்த முடிவாக இருக்காது. பல இடங்களில் கருவியே சத்தமில்லாமல் செய்துவிடும். இன்ஃப்ளக்ஸ் தரவுத்தளமும் அதிலிருந்து டேஷ்போர்டு வரையும் கிராஃபானாவும் வைத்திருப்பவர்கள் முதலில் இந்த மாதிரி ஒரு வரியைத் தேட வேண்டும்:

```
SELECT mean("temp") FROM "bilik_sejuk"
WHERE $timeFilter
GROUP BY time(5m) fill(previous)
```

`fill(previous)` என்றால் நீட்டல். `fill(null)` என்றால் காலி. `fill(linear)` என்றால் இரண்டு முனைகளுக்கும் நடுவில் சாய்கோடு. இதில் அதிகம் பேசப்படாத ஒரு குணம் உண்டு: `fill(previous)` தேடலின் கால எல்லைக்கு வெளியே போய் முந்தைய அளவைத் தேடாது. மாலை 4 மணிக்கு ஒருவர் கடைசி 6 மணி நேரத்தைத் திறந்தால் 4.6 என்று நேர்கோடு தெரியும். பக்கத்தில் இருப்பவர் கடைசி 1 மணி நேரத்தைத் திறந்தால் `No data` என்று வரும். ஒரே அறை, ஒரே நிமிடம், இரண்டு திரை, இரண்டு பதில். "அண்ணே, என் ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல" என்பவரிடம் "எனக்கு நல்லாத்தானே காட்டுது, ரிஃப்ரெஷ் பண்ணு" என்று சொல்வது இப்படித்தான். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது காலியாக இருந்த திரைதான்.

வரியில் `fill(null)` என்று இருந்தாலும் பெரிய எழுத்தில் ஒற்றை எண் காட்டும் பெட்டியைப் பாருங்கள். கிராஃபானாவின் `Stat` பெட்டியில் கணக்கிடும் முறை இயல்பாகவே `Last *` என்று இருக்கும். அந்த நட்சத்திரக் குறிக்கு அர்த்தம், காலியாக இல்லாத கடைசி அளவு. நட்சத்திரம் இல்லாத `Last` வேறு. கடைசிக் கட்டம் காலி என்றால் அது காலி என்றே காட்டும். ஒரு குட்டிக் குறியில் முழு விவாதமும் முடிந்துவிடுகிறது. கிடங்கு வாசலில் தொங்கும் டிவியில் பச்சை நிறத்தில் 4.6 என்று ஒளிர்வது பெரும்பாலும் இந்தப் பெட்டிதான், அதை யாரும் நீட்டல் என்று நினைப்பதில்லை.

வரைபடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. `Connect null values` என்பதை `Always` என்று வைத்தால் 2.35-க்கும் 5.15-க்கும் நடுவில் அழகான சாய்கோடு விழும். நம் உதாரணத்தில் அது உண்மைக்குப் பக்கத்திலேயே இருக்கும், அதுதான் ஆபத்து. அடுத்த முறை கரண்ட் போய், அறை 11 டிகிரி தொட்டு, மறுபடி குளிர்ந்த பிறகு கேட்வே கடைசியாக உயிர்பெற்றால், 4.6-க்கும் 5.0-க்கும் நடுவில் அதே அழகில் ஒரு கோடு விழும். `Never` என்று வைத்தாலும் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். காலி வரிசைகளையே அனுப்பாத `fill(none)` இருந்தால் துண்டிக்க அங்கே ஒன்றும் இல்லை, இரு முனையும் தானே சேர்ந்துகொள்ளும். அப்போது `Disconnect values` என்பதில் `Threshold` தேர்ந்து, 10 நிமிடம் என்று கொடுக்க வேண்டும்.

எத்தனை நிமிடம் நீட்டலாம்

நீட்டுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரூட்டர் விடியற்காலை 3 மணிக்குத் தானே ரீஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் அளவு வராது, அதற்கெல்லாம் ஒருவர் கைப்பேசி அலறினால் மூன்றாம் நாள் அவர் அலாரத்தை அணைத்துப் போட்டுவிடுவார். அதனால் சிறிது நேரம் நீட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் "சிறிது" எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. ஒரு மணி நேரம் என்று வாய்க்கு வந்ததைப் போடக் கூடாது. அறை எவ்வளவு வேகமாகக் கெடும் என்பதிலிருந்து அது வர வேண்டும்.

கம்ப்ரசரை அணைத்து அறை எப்படிச் சூடேறுகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். சரக்கு குறைவாக இருக்கும் நாளில் செய்வது நல்லது, ஏனென்றால் நிறைந்த அறை மெதுவாகத்தான் சூடேறும். நமக்கு வேண்டியது மோசமான வேகம். நம் அறையில் அது நிமிடத்துக்கு 0.03 டிகிரி என்று வைத்துக்கொண்டால், திரையில் காட்டும் எண் உண்மையிலிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பது நம் விருப்பம் என்றால், 0.5-ஐ 0.03-ஆல் வகுக்க 16 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். ஐந்து நிமிடக் கட்டத்தில் மூன்று அளவுகள். கடைசி அளவு எல்லைக்கு அருகில் இருந்தால் அதுவும் அதிகம்: 7.7-இல் நின்றால் 8-க்கு 0.3-தான் மிச்சம், பத்து நிமிடத்தில் தொட்டுவிடும். ஆகவே 7.5-க்கு மேல் போனால் நீட்டவே வேண்டாம் என்று ஒரு விதியும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த உதாரணத்துக்கு அதைப் பொருத்தினால் 2.40, 2.45, 2.50 மூன்றும் நீட்டிய அளவுகள், 2.55-க்குத் திரை காலியாகி அலாரம் அடிக்கும். 8-க்கு மேல் 15 நிமிடம் இருந்தால் அடி என்று மட்டும் அலாரம் வைத்து, நீட்டி நிரப்பிய இடத்தில் அது 5.30-க்கு அடித்திருக்கும், கரண்ட் திரும்பிய பிறகு. இன்னொன்று: கிராஃபானா அலாரத்தில் அளவே வராதபோது என்ன செய்வது என்று ஒரு தேர்வு கேட்கும். அதில் `Keep Last State` என்று வைத்தால், அளவில் நீட்டாமல் விட்டதை அலாரத்தில் நீட்டியதாகிவிடும். அறை நன்றாக இருந்தது, ஆகவே இன்னும் நன்றாக இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கும்.

பெயர் எழுதுவது

ஒவ்வொரு அளவோடும் அதன் பிறப்புச் சான்றிதழ் போக வேண்டும். பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் இது நாலு வரிதான்:

```
raw = df["temp"].resample("5min").mean()
shown = raw.ffill(limit=3)
jenis = np.where(raw.notna(), "ukur",
        np.where(shown.notna(), "bawa", "kosong"))
```

`ukur` அளந்தது, `bawa` முந்தையதை நீட்டியது, `kosong` காலி. மலாய்ச் சொல்லையே வைத்தது வேண்டுமென்றுதான். இரவு வேலைக்கு வருகிறவரும் செக்யூரிட்டி அண்ணனும் திரையில் படிக்கப் போவது அதைத்தான். நீட்டிய பகுதியைப் புள்ளிக்கோடாகவும் சாம்பல் நிறத்திலும் காட்டலாம், ஆனால் நிறம் மட்டும் போதாது. ஒற்றை எண் பெட்டியில் எண்ணுக்குக் கீழேயே நேரம் வர வேண்டும்: `4.6 °C, bacaan lama 14:35`. மூன்று அளவு தாண்டியதும் எண்ணை எடுத்துவிட்டு `Tiada bacaan sejak 14:35`. "தரவு தாமதமாகலாம்" என்று திரைக்கு அடியில் நிரந்தரமாக எழுதி ஒட்டுகிறவர்கள் உண்டு. எப்போதும் இருக்கும் எச்சரிக்கையை எவரும் படிப்பதில்லை. 14:35 என்ற எண்ணைப் பார்த்தவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

மேலே உள்ள `ffill(limit=3)`-இல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது மூன்று அளவுக்கு மேற்பட்ட இடைவெளியை விட்டுவிடாது. 31 அளவு விட்டுப்போனாலும் முதல் மூன்றை நிரப்பிவிட்டுத்தான் நிற்கும். நேரலைத் திரையில் வேறு வழியில்லை, 2.40-க்கு நிற்கும்போது இது இரண்டு நிமிடத் தடுமாற்றமா இரண்டரை மணி நேர இருட்டா என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை அறிக்கை எழுதும்போது தெரியும். அதனால் அறிக்கையில் நீண்ட இடைவெளியின் முதல் மூன்றையும் அழித்துவிட வேண்டும்:

```
kosong = raw.isna()
grp = (kosong != kosong.shift()).cumsum()
panjang = kosong.groupby(grp).transform("sum")
lapor = shown.mask(kosong & (panjang > 3))
```

நேற்று திரையில் 2.45-க்கு 4.6 பார்த்தேனே, இன்று அறிக்கையில் காலியாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்பார். அது முரண் இல்லை; அன்று தெரியாதது இன்று தெரிகிறது. இதற்கும் அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள்.

நிரப்பியதைத் தரவுத்தளத்தில் திருப்பி எழுதுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பேட்டரியோடு உள்நினைவகம் இருக்கும் லாகர்கள் உண்டு. கேட்வே திரும்பியதும் அவை சேர்த்துவைத்த அளவுகளைப் பழைய நேரத்தோடு அனுப்பும். நிரப்பிய 4.6 ஏற்கனவே 14:40:00 என்று உட்கார்ந்திருக்கிறது. உண்மை அளவு 14:40:12 என்று வருகிறது. நேரம் வேறாக இருப்பதால் ஒன்று மற்றதை அழிக்காது. இரண்டும் இருக்கும், `mean` இரண்டையும் கூட்டிப் பாதியாக்கும். 5.10 கட்டத்தில் பொய்யான 4.6-உம் உண்மையான 9.3-உம் சேர்ந்து 6.95 என்று ஒரு எண் பிறக்கும், அந்த நிமிடத்தில் அறை அந்த அளவில் இருந்ததே இல்லை. நிரப்புவதைப் படிக்கும்போது செய்தால், லாகர் அனுப்பிய உண்மை வந்த அன்றே காலியிடம் தானாக நிரம்பிவிடும், `kosong` எல்லாம் `ukur` ஆகிவிடும்.

கதவுச் சென்சாருக்கு இவை எதுவும் பொருந்தாது. திறந்தால் ஒரு செய்தி, மூடினால் ஒரு செய்தி. நடுவில் மௌனம் என்றால் மாறவில்லை என்றே பொருள், அங்கே நீட்டுவதுதான் சரி. அதுவும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறேன்" என்று அந்தச் சென்சார் சொல்லும் வரைதான். மின்மீட்டரில் வேறு கதை. கூடிக்கொண்டே போகும் எண்ணை நீட்டினால் இரண்டரை மணி நேரத்துக்குப் பயன்பாடு பூஜ்யம் என்று காட்டி, அடுத்த கட்டத்தில் மொத்தத்தையும் ஒரே உச்சமாகக் கொட்டும். மாத பில்லில் அரை மணி நேர உச்சத் தேவைக்கும் பணம் கட்டுகிறவர்கள், பொறியாளரைக் கூப்பிடும் முன் அந்த உச்சத்துக்கு முன்னால் நேர்கோடு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

நம் கிடங்கின் அறிக்கைக்குத் திரும்பினால், நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான்: 8 டிகிரிக்கு மேல் அளந்தது 25 நிமிடம், அளவு இல்லாதது 155 நிமிடம், 14:40 முதல் 17:15 வரை, மின்தடை, இடைவெளிக்கு முன் 4.6, பின் 9.4, நிரப்பவில்லை. தர அதிகாரி அந்த 155 நிமிடத்தையும் மோசமான பக்கமாக எடுத்துக்கொண்டு 180 என்று மருந்து தயாரிப்பாளரிடம் கேட்பார், அல்லது சூடேறும் வேகத்தைக் காட்டி 75 அளவில் இருக்கும் என்று வாதிடுவார். இரண்டில் எதைச் செய்தாலும் கையில் இருக்க வேண்டியது அந்த வரி. அப்புறம் ஒரு சின்ன வேலை: கேட்வேயின் பிளக்கைக் கம்ப்ரசர் இருக்கும் ஈஎல்சிபியிலிருந்து கழற்றி, ஆபீஸ் பக்கம் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள்.